மறுப்புரைச் சுற்றை எடுத்துவிடாதீர்கள்: விவாதப் போட்டிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டப் பள்ளிகளுக்கான தமிழ் விவாதப் போட்டியை நடத்தும் குழுவினருக்கு,

இந்த ஆண்டுப் போட்டிக்கான உங்கள் சுற்றறிக்கை போன வாரம் எங்கள் பள்ளிக்கு வந்தது. அதில் மூன்று மாற்றங்கள் சொல்லியிருக்கிறீர்கள். முதல் சுற்று மேடையில் நடக்காது, ஒவ்வொரு மாணவரும் 2 நிமிடக் காணொலி எடுத்து அனுப்ப வேண்டும். மறுப்புரைச் சுற்று நேரமின்மை காரணமாக நீக்கப்படுகிறது. பேசும்போது குரல் நடுங்கினாலோ தடுமாறினாலோ ஒவ்வொரு முறைக்கும் 2 மதிப்பெண் குறைக்கப்படும்.

நான் அரசுப் பள்ளித் தமிழாசிரியை. ஒன்பது ஆண்டுகளாக உங்கள் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். இந்தச் சுற்றறிக்கையை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அன்று மதியம், போன ஆண்டு எங்கள் அணியில் பேசிய மாணவி வந்து அதைப் படித்தாள். மூன்றாவது விதியை இரண்டு தடவை படித்தாள். "அப்ப நான் வர வேண்டாம்தானே டீச்சர்" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் வருத்தப்பட்ட மாதிரியே தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவளைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றாள், அதனால் பெயர் எழுதவில்லை.

அவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு, கடைசி பெஞ்சு. வகுப்பில் யாராவது ஏதாவது சொன்னால் அதற்கு மறுபேச்சை முணுமுணுவென்று பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். ஒருநாள் காதில் விழுந்தது. ஒரு பையன் சொன்ன வாதத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லியிருந்தாள், நான் யோசித்து வைத்திருந்ததைவிடத் தெளிவாக. எழுந்து நின்று சொல் என்றேன். எழுந்தாள். குரல் வரவில்லை. வந்தபோது ஆடியது.

இது திக்குவாய் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் சரளமாகப் பேசுவாள். நின்று, நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் மட்டும் இப்படி. பல ஆண்டுகள் பிள்ளைகளோடு பழகியும் இதில் நான் முதலில் தப்பாகத்தான் நடந்துகொண்டேன். "பயப்படாதே" என்றேன், "சத்தமாப் பேசு" என்றேன். இரண்டும் நிலைமையைக் கெடுத்தன. பயப்படாதே என்றதும் பயத்தைப் பற்றியே நினைக்க ஆரம்பித்தாள். சத்தமாப் பேசு என்றதும் தொண்டையை இறுக்கிக் கத்தினாள். குரல் இன்னும் மேலே ஏறி, இன்னும் ஆடியது.

குரல் ஏன் நடுங்குகிறது என்பதை உங்கள் நடுவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். பயம் வந்ததும் மூச்சு மேலே ஏறி, நெஞ்சோடு நின்றுவிடுகிறது. குட்டிக் குட்டி மூச்சாக வாங்குகிறோம். உள்ளிருந்து காற்று ஒரே சீராக வந்தால்தான் குரல் நாண்கள் சீராக அதிரும். காற்று விட்டு விட்டு வந்து, தொண்டைத் தசையும் இறுகிக்கொண்டால், அதிர்வு ஆடிப்போகிறது. வாயும் உலர்ந்துவிடுகிறது. சொல்ல வந்த கருத்து சரியா தப்பா என்பதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

இதில் நம் பேச்சுப் போட்டி வழக்கமும் ஒரு தொல்லை செய்கிறது. "நடுநிலை தவறாத நடுவர் பெருமக்களே, அறிவிற் சிறந்த ஆசிரியப் பெருமக்களே, என்னைப் போலவே பேச வந்திருக்கும் சக போட்டியாளர்களே" என்று ஒரே மூச்சில் அடுக்குகிறோமே, அந்த அடுக்கு முடியும்போது பயந்த பிள்ளையின் மூச்சு தீர்ந்துபோயிருக்கும். முதல் கருத்தைச் சொல்லும் இடத்தில் காற்றே இருக்காது. அதனால் அவளுக்கு "அவைக்கு வணக்கம்" என்ற இரண்டு சொல் போதும் என்று வைத்தோம். மைக்கிடம் போவதற்கு முன் மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட வேண்டும், அடுத்த மூச்சு தானாக அடிவயிறு வரை இறங்கும். குறிப்பை முழுத்தாளில் எழுதாமல், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி அதில் எழுதினோம். மெல்லிய தாள் கை நடுக்கத்தைப் பத்து மடங்காக்கிக் காட்டும், அட்டை காட்டாது. மனப்பாடம் வேண்டாம், மூன்று கருத்தும் அவற்றின் வரிசையும் மட்டும் போதும் என்றேன். மனப்பாடம் செய்த பேச்சில் ஒரு சொல் விட்டால் மொத்தச் சங்கிலியும் அறுந்துவிடும்.

இன்னொன்றும் அவளிடம் சொன்னேன். கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மேடையில் பேசுகிறவர் தன் பதற்றம் எல்லோருக்கும் அப்பட்டமாகத் தெரிகிறது என்று நினைக்கிறார், ஆனால் கேட்பவர்களுக்கு அந்த அளவுக்குத் தெரிவதில்லை என்பது அதில் வந்த முடிவு. இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லி மேடையேற்றப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவும் பேசினார்கள். அவள் நம்பவில்லை. அணியில் இருந்த மற்ற இருவரையும் கூப்பிட்டு, அவள் பேச்சில் நடுக்கம் எவ்வளவு தெரிந்தது என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னேன். அவள் தனக்குப் போட்டது 9. அவர்கள் போட்டது 4, 5. அன்றைக்குத்தான் முதல்முறையாக லேசாகச் சிரித்தாள்.

சரி, இறுதிப் போட்டிக்கு வருகிறேன். உங்களில் சிலர் அந்த அரங்கில் இருந்தீர்கள்.

தலைப்பு: கிராமத்து மாணவர்க்குப் பெரிதும் உதவுவது விலையில்லா மிதிவண்டியா, கட்டணமில்லாப் பேருந்தா? எங்கள் அணிக்கு மிதிவண்டி. அணிக்கு மூவர், ஆளுக்கு 4 நிமிடம். அதன்பின் 5 நிமிட இடைவெளி. பிறகு அணிக்கு ஒருவர் 3 நிமிடம் மறுப்புரை. அந்த ஒருவர் யார் என்பதை நடுவர் சீட்டெடுத்துச் சொல்வார். நீங்கள் வகுத்த விதிதான் இது, நல்ல விதி.

அவள் எங்கள் இரண்டாவது பேச்சாளர். அவளுக்கு முன்னால் பேசியவன் நல்ல உயரம். மைக் அவன் வாய்க்கு வைத்த உயரத்திலேயே நின்றது. அதைக் கீழே இறக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை, அல்லது தொடத் துணியவில்லை. முகவாயைத் தூக்கி, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். கழுத்து நீண்டால் தொண்டை இறுகும், அதுவும் சேர்ந்துகொண்டது. பெரிய மேடை, பெரிய போட்டி, முழு வணக்கம் சொல்லாவிட்டால் மரபு இல்லை என்று மதிப்பெண் போய்விடும் என மேடைக்குப் பின்னால் யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். நாங்கள் பழகிய இரண்டு சொல்லை விட்டுவிட்டு அந்த நீள அடுக்கைச் சொன்னாள். "சக போட்டியாளர்களே" என்ற இடத்தில் குரல் உடைந்தது. ஒலிபெருக்கியில் தன் குரலே அப்படித் திரும்பி வந்ததைக் கேட்டு மிரண்டுபோனாள். முன்வரிசையில் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். அட்டையை மறந்துவிட்டு வந்ததால் நோட்டிலிருந்து கிழித்த தாள் ஒன்று கையில் இருந்தது. அது படபடத்த சத்தம் மைக்கில் கேட்டது. 4 நிமிடத்தில் 2 நிமிடம் 10 நொடிதான் பேசினாள். நன்றி சொல்லாமலே வந்து உட்கார்ந்தாள்.

உங்கள் புதிய விதி அன்றைக்கு இருந்திருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும்.

நான் நான்காவது வரிசையில் இருந்தேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். எதிரணியின் அடுத்த பேச்சாளர் பேசப் பேச, பக்கத்தை இரண்டாக மடித்து, இடப்பக்கம் அவர்கள் சொன்னதை அவர்கள் சொல்லிலேயே, வலப்பக்கம் தன் பதிலை. கடைசி பெஞ்சில் முணுமுணுத்ததைத்தான் இப்போது எழுதினாள். இடைவெளியில் நடுவர் சீட்டெடுத்தார். அவள் பெயர் வந்தது. எங்கள் அணியின் மூன்றாவது பையன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அவள் யாரையும் பார்க்கவில்லை.

மேடையேறி, முதல் வேலையாக மைக் தண்டின் திருகைத் தளர்த்தினாள். தண்டு டக்கென்று இறங்கி அரங்கம் முழுக்கச் சத்தம் கேட்டது. மறுபடி திருகினாள். அதற்கு ஆறேழு நொடி ஆகியிருக்கும். அந்த நேரத்தில் அவள் மூச்சை வெளியே விட்டதை நான் பார்த்தேன், தோள் இறங்கியது. வணக்கம் சொல்லவில்லை. நோட்டின் இடப்பக்கத்தை வாசித்தாள்.

"எதிரணியின் மூன்றாவது பேச்சாளர், பேருந்துக்குக் காசே இல்லை என்றார்." குரல் ஆடியது.

"எங்கள் ஊருக்குக் காலையில் பேருந்து 7.10-க்கு வரும். அடுத்தது 9.45-க்கு." இன்னும் ஆடியது, கொஞ்சம் குறைவாக.

"பள்ளி மணி 9.20-க்கு. அதனால் 7.10-க்குத்தான் போக வேண்டும். 7.35-க்குப் பள்ளி வாசலில் இறங்குவேன். கேட் திறப்பது 8.45-க்கு. சாயங்காலம் 4.20-க்குப் பள்ளி விடும், பேருந்து 6 மணிக்கு. கூட்டிப் பாருங்கள். பேருந்தில் வரும் நாளில் 3 மணி 25 நிமிடம் சும்மா காத்திருக்கிறேன்." எதிரணியைப் பார்த்துத் திரும்பினாள். "பேருந்துக்குக் காசு இல்லை, சரி. இந்த 3 மணி 25 நிமிடத்துக்கு யார் கணக்கு வைப்பது?"

இந்தக் கேள்வியில்தான் குரல் நிலைத்து நின்றது. சத்தம் கூடவில்லை, சொல்லப்போனால் குறைந்தது. ஆட்டம் போய்விட்டது, அவ்வளவுதான். ஆடிக்கொண்டிருந்த பெஞ்சின் காலுக்கு அடியில் யாரோ ஒரு சில்லை வைத்தது போல இருந்தது. அதன்பின் ஒரு தடவைகூடக் குரல் பிசகவில்லை. மழை பெய்தால் நானும் பேருந்தைத்தான் தேடுவேன், அதை மறுக்கவில்லை என்று எதிரணிக்குத் தர வேண்டியதைத் தந்தாள். அக்காவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து 6 கிலோமீட்டர் வருவதையும், அரை மணி நேரத்தில் பள்ளிக்கு வந்துவிடுவதையும் சொன்னாள். சைக்கிள் பஞ்சரானால் என்ன செய்வீர்கள் என்று எதிரணி கேட்டிருந்தது. "பஞ்சரானால் ஒட்டலாம். வராத பேருந்தை எதைக் கொண்டு ஒட்டுவது?" அரங்கம் கைதட்டியது. முன்வரிசையில் சிரித்த அந்த இரண்டு பையன்களும் தட்டினார்கள். எச்சரிக்கை மணி அடித்த பிறகும் அவசரப்படாமல் முடித்து, 2 நிமிடம் 50 நொடியில் நன்றி சொன்னாள்.

நாங்கள் இரண்டாம் பரிசுதான் வாங்கினோம். தீர்ப்பில் எனக்குக் குறையில்லை, எதிரணி மூன்று பேச்சும் நன்றாகவே இருந்தது.

அங்கே என்ன நடந்தது என்று ஓராண்டாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதல் பேச்சில் அவள் கவனம் முழுக்கத் தன்மேலேயே இருந்தது: குரல் ஆடுகிறதா, எல்லோரும் பார்க்கிறார்களா, அடுத்த வரி என்ன. மறுப்புரையில் கவனம் எதிரணி சொன்னதன்மேல் போய்விட்டது. பதில் சொல்ல ஒன்று இருந்தது, சொல்ல வேண்டிய ஆள் எதிரே இருந்தார். தன் குரலைப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை. இவளிடம் மட்டுமல்ல, நான் கூட்டி வந்த பயந்த பிள்ளைகள் பலரிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். எழுதிவைத்த பேச்சில் திணறுகிறவர்கள் பதில் பேச்சில் நிமிர்கிறார்கள். வள்ளுவர் அவையஞ்சாமை அதிகாரத்தில் "ஆற்றின் அளவறிந்து கற்க அவையஞ்சா மாற்றங் கொடுத்தற் பொருட்டு" என்கிறார். மாற்றம் என்றால் மறுமொழி. அவைக்கு அஞ்சாமல் மறுமொழி கொடுப்பதற்காகத் தருக்கம் படி என்கிறார். அவையச்சத்தையும் மறுமொழியையும் அவர் ஒரே குறளில் வைத்ததை இத்தனை ஆண்டு பாடம் நடத்தியும் நான் கவனித்ததில்லை, அந்த மேடையைப் பார்த்த பிறகுதான் கவனித்தேன். நீங்கள் நீக்கியிருப்பது அந்த மாற்றத்தைத்தான். ஒட்டியும் வெட்டியும் பேசுவதில் வெட்டிப் பேசுவதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஆறு தனித்தனிப் பேச்சு. அதற்கு விவாதம் என்று பெயர் வைக்க முடியாது.

தொடக்க உரையை ஆசிரியர் எழுதிக் கொடுக்கலாம், பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுக்கிறோம் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறுப்புரையை யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. பிள்ளையின் சொந்த மூளையைப் பார்க்க உங்களுக்கு இருக்கும் ஒரே இடம் அதுதான்.

காணொலிச் சுற்று இதற்கு நேர்மாறானது. மேடை ஏறுவதற்குச் சற்று முன்னும் பேச்சின் முதல் ஓரிரு நிமிடங்களிலும்தான் பதற்றம் உச்சத்தில் இருக்கும், பிறகு பேசப் பேச இறங்கும். 2 நிமிடம் மட்டும் கேட்டால் பயந்த பிள்ளையின் மிக மோசமான 2 நிமிடத்தைத்தான் கேட்கிறீர்கள். பயமில்லாத, வசதியான வீட்டுப் பிள்ளை அதே 2 நிமிடத்தை இருபது தடவை எடுத்து நல்லதை அனுப்பும். என் மாணவி வீட்டில் ஒரே ஃபோன். அவள் அப்பா அதை எடுத்துக்கொண்டு காலை 6 மணிக்கு வேலைக்குப் போய்விடுவார், இரவுதான் வருவார். வீட்டில் சத்தமில்லாத அறை என்று ஒன்று கிடையாது. எதிரே ஆளில்லாமல், திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசுவது அவளைப் போன்ற பிள்ளைக்கு மேடையைவிடக் கொடுமை.

மதிப்பெண் குறைப்பைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் பலருக்குக் குரல் உடைந்துகொண்டிருக்கும் வயது. ஒரு வாக்கியத்தில் இரண்டு குரல் வரும். அதற்கும் 2 மதிப்பெண் குறைப்பீர்களா?

நேரமில்லை என்கிறீர்கள். அந்தக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டு அணி வந்தால் ஏழு விவாதம். ஒவ்வொன்றிலும் மறுப்புரைக்கு 6 நிமிடம், இடைவெளிக்கு 5 நிமிடம், மொத்தம் 77 நிமிடம். இடைவெளியை 3 நிமிடமாகக் குறைத்தால் 63 நிமிடம் போதும். போன ஆண்டு 10 மணி என்று போட்டிருந்த தொடக்க விழா 11.25-க்கு முடிந்தது. பிள்ளைகள் காலை ஆறு மணிக்குக் கிளம்பி வந்து, சாப்பிட்டதும் சாப்பிடாததுமாக அந்த 85 நிமிடமும் உட்கார்ந்து, பயத்தை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். வாழ்த்துரைகளைப் பரிசளிப்புக்கு மாற்றினாலே மறுப்புரைக்கான நேரம் முழுதாகக் கிடைத்துவிடும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவைதான். மறுப்புரைச் சுற்றை, சீட்டெடுக்கும் விதியோடு அப்படியே திரும்பக் கொண்டுவாருங்கள். காணொலிச் சுற்றைக் கைவிட்டு, முடிந்தால் வட்டார அளவில் பள்ளிகளிலேயே நேரில் நடத்துங்கள், இடம் தர எங்கள் தலைமையாசிரியர் தயாராக இருக்கிறார். நடுக்கத்துக்கும் தடுமாற்றத்துக்கும் மதிப்பெண் குறைக்கும் விதியை நீக்குங்கள். சொன்னது கேட்டதா, புரிந்ததா என்பதற்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள். வணக்க அடுக்குக்கு மதிப்பெண் கிடையாது என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். போட்டி தொடங்கும் முன் ஒவ்வொரு பிள்ளையும் மேடையேறி, மைக்கைத் தன் உயரத்துக்கு வைத்து, ஒரு வாக்கியம் பேசிப் பார்க்க ஒரு நிமிடம் கொடுங்கள்.

பெயர் கொடுக்கக் கடைசி நாள் இந்த மாதம் 20. படிவத்தில் இரண்டு பெயர் எழுதிவிட்டேன். மூன்றாவது வரி காலியாக இருக்கிறது. 18-ஆம் தேதிக்குள் உங்கள் பதிலை எழுத்தில் அனுப்புங்கள். அவளிடம் காட்டிவிட்டு நிரப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை